சுவர் எடுத்த இடத்தில் இரும்பு பீம்: இன்ஜினியர் எழுதிய கடிதம்

குன்னூர்க்காரன்
நான் வாங்கிய பழைய வீட்டில் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த 9 இன்ச் சுவரில் 12 அடியை முன்பு இருந்தவர் இடித்திருக்கிறார். மேலே அதே கோட்டில் மாடிச் சுவர் நிற்கிறது. இந்த மழையில் மாடிக் கதவு தரையில் உரச ஆரம்பித்தது. நிலைக்கு மேலே படிக்கட்டு மாதிரி விரிசல். "இத்தனை வருஷம் நின்றதே, பீம் எதற்கு?" என்று டிசைன் இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் எழுதியது:

"ஐயா, அந்தச் சுவர் மாடிச் சுவரையும், இரு பக்க ஸ்லாபின் பாதிப் பாதியையும் தாங்கியது. ஆட்கள், சாமான்கள் சேர்த்து அடிக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல்; 12 அடிக்குச் சுமார் 13 டன். சுவர் இருந்தவரை ஸ்லாப் அதன்மேல் முதுகு வளைத்துக் கிடந்தது, அதனால் அங்கே கம்பி மேல்பக்கம் போட்டிருப்பார்கள். இப்போது அதே இடம் கீழ்நோக்கித் தொய்கிறது. கீழ்ப்பக்கம் போதுமான கம்பி இருக்காது. ISMB 250 என்ற இரும்பு பீம் போட்டால் நடுவில் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் தொய்யும். இரு முனையிலும் ஆறரை டன் இறங்கும். பழைய சுண்ணாம்புக் கட்டு நொறுங்காமலிருக்க இரண்டடி நீளக் கான்கிரீட் கட்டைமேல் பீமை உட்கார வைக்க வேண்டும்."

மேஸ்திரி மகன்
செங்கல் தானே வில்லாக வளைந்து பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் சார். லிண்டலே போதும்.

கோத்தகிரி அக்கா
நானும் சமையலறைச் சுவரை எடுத்தேன், பீமே இல்லை. நாலரை இன்ச் சுவர், மேலே ஓடுதான். ஒன்றும் ஆகவில்லையே?

கொடைக்கானல் சைட் பழசு
அக்கா, உங்களுடையது வெறும் தடுப்பு போலிருக்கிறது, ஓட்டின் பாரம் வேறு சுவரில் இறங்கியிருக்கும். தம்பி சொல்வது சுவரின் எடைக்குப் பாதி சரி. ஜன்னல் அளவுத் திறப்புக்கு வில் வேலை செய்யும். ஆனால் இங்கே ஸ்லாப் வில்லுக்குக் கீழே அல்லவா இருக்கிறது? அது யார்மேல் உட்காரும்?

குன்னூர்க்காரரே, பீமைச் சும்மா செருகிவிட்டுப் போக விடாதீர்கள். முதலில் சுவர்க் கோட்டின் இரு பக்கமும் ஜாக்கி முட்டு. பீம் ஏறியதும் அதற்கும் ஸ்லாபுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஈர மண் பதத்துக் கலவையைத் தட்டித் தட்டித் திணிக்க வேண்டும். அது இறுகிய பிறகுதான் முட்டுகளை எடுக்கலாம். இங்கே குளிரில் இறுக நாளாகும், அவசரம் வேண்டாம். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால் பீம் ஒரு பக்கம், விரிசல் ஒரு பக்கம்.

குன்னூர்க்காரன்
முட்டு போட்டாயிற்று. பதினாலு அடி பீம் 160 கிலோ வருகிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியில்தான் இறக்க வேண்டும். இரண்டு துண்டாக வாங்கி உள்ளே வைத்து வெல்டு பண்ணலாமா?

கொடைக்கானல் சைட் பழசு
நடுவில்தான் வளைவு அதிகம், அங்கே ஒட்டாதீர்கள். மெலிந்த பீம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட முடியுமா என்று இன்ஜினியரிடமே கேளுங்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஒற்றை பீமையும் இறக்கலாம், படித் திருப்பம் எப்படி என்று பார்த்தால்தான் தெரியும்.