ஒரே அறையில் இரண்டு 304: தேர்வன்று அறையும் இருக்கையும் தேடிய கதைகள்

வைகைக்கரையான்

டிப்ளமா முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. முதல் செமஸ்டர் தேர்வன்று காலை 9.30 மணிக்கு அறிவிப்புப் பலகை முன்னால் நூறு பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கம் 304 என்பது மட்டும் மனப்பாடம். முன்னால் நின்ற ஒருவரின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது ஒரு வரிசையின் முடிவில் 304 தெரிந்தது. அறை எண் 112. ஓடினேன்.

அறை வாசலில் ஒட்டியிருந்த கட்டத்தாளிலும் 304 இருந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வைத்து, பேனாவை எழுதிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். 9.50 மணிக்கு ஒருவர் வந்து, "அண்ணா, இது என் இடம்" என்றார். நான் ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவரும் நீட்டினார். இரண்டிலும் 304. அவருடையது 106304, என்னுடையது 104304. அவர் மின்னணுவியல், நான் கணினி அறிவியல். என் அறை அடுத்த கட்டடத்தில், இரண்டாவது மாடியில் 211. போய்ச் சேரும்போது விடைத்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கியது.

இப்படி யாராவது மாட்டியிருக்கிறீர்களா? பலகையைச் சரியாகப் படிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

தாமரை

ஹால் டிக்கெட்டை இணையத்தில் பதிவிறக்கும்போது பிறந்த தேதியைக் கேட்கும். அதைச் சரியாகக் கொடுத்தால் வந்துவிடும். என் தங்கைக்கும் முதலில் வரவில்லை, பிறகு வந்தது.

வைகைக்கரையான்

அக்கா, ஹால் டிக்கெட் கையில்தான் இருந்தது. அறைதான் கிடைக்கவில்லை.

முன்னாள் தேர்வுப்பிரிவு

தம்பி, பதினொரு ஆண்டுகள் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் அந்தத் தாள்களைத் தயாரித்து, பசை தடவி ஒட்டியவன் நான். நீங்கள் செய்த தவறை ஒவ்வொரு தேர்விலும் நாலைந்து பேராவது செய்வார்கள்.

உங்கள் பதிவெண்ணில் 12 இலக்கம் இருக்கிறது. முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு ஆண்டு, அதற்கடுத்த மூன்று துறை, கடைசி மூன்றுதான் வரிசை எண். ஒரே கல்லூரியில் முதல் நான்கு இலக்கம் எல்லாருக்கும் ஒன்றாகவே வரும் என்பதால் பலகையில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவோம். மீதி எட்டையும் பார்க்க வேண்டும். நேரடி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு எல்லாத் துறையிலும் 301 முதல்தான் எண் தொடங்கும். ஆகவே ஒரு கல்லூரியில் எத்தனை துறை உண்டோ, கிட்டத்தட்ட அத்தனை 304 இருக்கும். அரியர் எழுத மேல் வகுப்பு மாணவர்களும் வருவார்கள். அப்போது 21104304, 22104304 என ஒரே துறையிலேயே இரண்டு 304 வரும்.

பலகையில் உங்கள் வரி எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். "211 – 22104056 முதல் 22104304 வரை – 13". சரிதானா?

வைகைக்கரையான்

ஐயா, அச்சு அசலாக அப்படியேதான்! 13 என்பது என்ன என்று அன்றைக்குப் புரியவில்லை.

முன்னாள் தேர்வுப்பிரிவு

அதுதான் தலைக்கணக்கு. 056 முதல் 304 வரை என்றால் கழித்துப் பார்த்து இருநூற்றுச் சொச்சம் பேர் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் வகுப்பு 064-இல் முடிந்திருக்கும். 056 முதல் 064 வரை ஒன்பது பேர், அதன்பின் 301 முதல் 304 வரை நான்கு பேர், ஆகப் பதின்மூன்று. அறைக்கு 25 பேர். மீதிப் பன்னிரண்டு இருக்கையில் வேறு துறை உட்காரும். உங்களுக்கு அடுத்த 305 வேறு அறைக்குப் போயிருப்பார்.

வைகைக்கரையான்

ஆமாம், 305 என் நண்பன்தான். அவன் 212. "நீ என்கூடத்தான் இருப்பாய்" என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தான்.

கணக்குப்புலி

இதற்குப் பலகையே தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதியபோது அப்படித்தான் அறையைக் கண்டுபிடித்தேன். அறைக்கு 20 பேர். அந்த மையத்தின் முதல் எண் 001-இல் முடிந்தது, என்னுடையது 147. இருபது இருபதாகக் கழித்தால் ஏழு அறை நிரம்பி 140 வரை போய்விடும், எட்டாவது அறை 141 முதல் 160 வரை. நேராக எட்டாம் அறைக்குப் போனேன், பெஞ்சில் என் எண் ஒட்டியிருந்தது. கல்லூரித் தேர்விலும் இப்படிச் செய்யலாம்.

முன்னாள் தேர்வுப்பிரிவு

அங்கே எண்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாகக் கொடுக்கப்படுகின்றன, எல்லாருக்கும் ஒரே தேர்வு. ஆகவே உங்கள் கணக்கு பலித்தது. கல்லூரியில் பலிக்காது. படிப்பை விட்டவர், வேறு கல்லூரிக்குப் போனவர், வருகை குறைந்து தேர்வுக்கு அனுமதி கிடைக்காதவர் என எண்களுக்கு நடுவே ஓட்டை விழும். விருப்பப் பாடம் என்றால் ஒரு வகுப்பே இரண்டாக உடையும். நேற்று 211 என்றால் இன்றும் 211 என்று நினைப்பதும் அதே தவறுதான். எழுதுபவர் எண்ணிக்கை வேளைக்கு வேளை மாறுவதால் ஒதுக்கீட்டையும் புதிதாகப் போடுவோம். முந்தின நாளே ஒட்டினால் மேசைக்கடியில் பிட் ஒளித்து வைக்க வசதியாகிவிடும் என்பதால்தான் தேர்வுக்குச் சற்று முன்னால் ஒட்டுகிறார்கள்.

மலர்விழி, ஈரோடு

குரூப் 4 பேச்சு வந்ததால் என் கதை. ஒரு பெரிய பள்ளியில் மையம். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்த வளாகத்தில் ஒரு மையம் இல்லை, இரண்டு. வாயிலுக்கு அருகில் இருந்த பலகையில் என் எண்ணை மூன்று முறை தேடினேன், இல்லை. கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த நேரம், அழுகையே வந்துவிட்டது. வாட்ச்மேன் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பள்ளிப் பெயருக்குப் பின்னால் இருந்த 'பி' என்ற ஓரெழுத்தைக் காட்டினார். மைதானத்தைத் தாண்டிப் பின்பக்கக் கட்டடத்தில் இன்னொரு பலகை. 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் 8.15-க்கே போயிருந்தேன், அதனால் தப்பித்தேன்.

இரண்டாம் பெஞ்ச்

அறை கிடைத்த பிறகு இருக்கையிலும் குழப்பம் உண்டு. எங்கள் கல்லூரியில் கதவில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்ட தாள் ஒட்டுவார்கள். எனக்கு 25. கடைசி வரிசை, கடைசி இருக்கை. போய் வலது மூலையில் உட்கார்ந்தேன். அது 5-ஆம் எண் இருக்கை என்று எழுப்பிவிட்டார்கள்.

முன்னாள் தேர்வுப்பிரிவு

கட்டம் கண்காணிப்பாளர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது போல் வரையப்பட்டிருக்கும். அவருக்கு இடது உங்களுக்கு வலது. தாளில் எங்காவது 'கரும்பலகை' அல்லது 'வாசல்' என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறையின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தோடு தாளைப் பொருத்திப் பிடித்தால் திசை புரிந்துவிடும். இரண்டுமே எழுதாத தாள்களும் உண்டு. நானே அப்படி அச்சடித்திருக்கிறேன், மறுக்கவில்லை.

கணக்குப்புலி

எண் எப்போதும் பாம்பு போல வளைந்து போகும். முதல் வரிசை முன்னாலிருந்து பின்னால், இரண்டாவது பின்னாலிருந்து முன்னால். 17-ஆம் இருக்கை நான்காம் வரிசையில் பின்னாலிருந்து இரண்டாவது. இதிலாவது நான் சொல்வது சரிதானே ஐயா?

இரண்டாம் பெஞ்ச்

எங்கள் கல்லூரியில் பாம்பெல்லாம் இல்லை. ஒவ்வொரு வரிசையும் முன்னாலிருந்துதான் தொடங்கும். எங்களுக்கு 17 என்றால் முன்னாலிருந்து இரண்டாவது.

முன்னாள் தேர்வுப்பிரிவு

இரண்டு வழக்கமும் உண்டு. ஆகவே எண்ணை நம்பி எண்ணிக்கொண்டே போகாமல், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். ஒற்றைப்படை இருக்கைகள் ஒரு துறைக்கு, இரட்டைப்படை இருக்கைகள் மற்றொன்றுக்கு என்று கொடுத்தால், பாம்பாக எண்ணினாலும் நேராக எண்ணினாலும் சதுரங்கப் பலகை மாதிரி வரும். உங்களுக்கு முன்னால், பின்னால், இரு பக்கமும் வேறு துறை. மூலைவிட்டத்தில் இருப்பவர்தான் உங்கள் துறை. பக்கத்தில் உங்கள் வகுப்புத் தோழரே இருந்தால் இருவரில் ஒருவர் தவறான இடத்தில் இருக்கிறார் என்று பொருள். சில இடங்களில் வரிசைக்கு ஒரு துறை என்று வைப்பார்கள். அங்கே முன்னும் பின்னும் உங்கள் துறையே வரும், பக்கவாட்டில் மட்டும்தான் மாறும்.

அரியர் அருணன்

என் எண் பலகையில் இல்லவே இல்லை! மூன்றாம் செமஸ்டர் தனிநிலைக் கணிதம் அரியர். என் வகுப்பின் வரியை 001-லிருந்து கடைசி வரை படித்துவிட்டேன். பியூனிடம் கேட்டால் "பலகையைப் பார்" என்கிறார். பலகையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னாள் தேர்வுப்பிரிவு

முதலில் ஹால் டிக்கெட்டில் காலை வேளை என்று FN இருந்ததா, பிற்பகல் என்று AN இருந்ததா?

அரியர் அருணன்

FN தான். அதைப் பார்க்காமல் இருப்பேனா? (போன முறை பார்க்காமல் இருந்தேன். அது வேறு கதை.)

முன்னாள் தேர்வுப்பிரிவு

சரி. அரியர்காரர்களுக்கு வகுப்பு வரிசை கிடையாது. பாடக் குறியீட்டின் கீழ் தனியாக, 'முதல் – வரை' இல்லாமல் ஒவ்வொரு எண்ணாக எழுதியிருக்கும். குறியீட்டையும் முழுதாகப் படியுங்கள். தனிநிலைக் கணிதம் 2017 விதிமுறையில் MA8351, 2021 விதிமுறையில் MA3354. பாடப் பெயர் ஒன்றுதான், வினாத்தாள் வேறு, அறையும் வேறாகலாம். அங்கேயும் இல்லையென்றால் அறை அறையாக அலையாமல், தேர்வுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஹால் டிக்கெட்டோடு போங்கள். வருகைத்தாளில் உங்கள் பெயர் எந்த அறைக்கட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பலகையில் விட்டுப்போன எண் வருகைத்தாளில் பெரும்பாலும் இருக்கும், தட்டச்சு செய்யும்போது எங்களைப் போன்றவர்கள் விட்ட எண்தான் அது.

அரியர் அருணன்

MA3354-ன் கீழே கடைசிப் பக்கத்தில் இருந்தது ஐயா. அந்தப் பக்கத்தின் மீது ஹாஸ்டல் மெஸ் கட்டண அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். யாரோ பாதி கிழித்துவிட்டதால் என் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது.

வைகைக்கரையான்

பிறகு எப்படிக் கண்டுபிடித்தாய்?

அரியர் அருணன்

மீதியையும் கிழித்தேன். மெஸ் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை.