டிபன் கடை விமர்சனங்களை ஒரே மூச்சில் படித்துத் தொகுத்தபோது தெரிந்தவை

காவேரிக்கரை

தஞ்சாவூரில் சித்தப்பா டிபன் கடை வைத்திருக்கிறார். கூகுளில் 210 விமர்சனங்கள் சேர்ந்திருந்தன, சராசரி 3.9. "சப்ளையர் மரியாதை இல்லாமல் பேசுகிறார்" என்று வந்த சில வரிகள் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டன. அந்தப் பையனை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

90 பேர் நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தார்கள், எழுத்து ஒன்றும் இல்லை. அவற்றை ஒதுக்கிவிட்டேன். மீதி 120 விமர்சனங்களையும் எக்ஸெலில் ஏற்றினேன். ஒரு விமர்சனத்துக்கு ஒரு வரி என்று வைக்காமல், ஒரு விஷயத்துக்கு ஒரு வரி என்று பிரித்துக்கொண்டேன். "பொங்கல் அருமை, சட்னி புளித்துவிட்டது, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்" என்பது மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதா பார்சலா, காலையா இரவா என்று குறித்தேன். கூகுளில் "3 மாதங்களுக்கு முன்பு" என்பது போலத்தான் தெரியும், சரியான நேரம் கிடைக்காது. ஆனால் சிலர் காலை உணவா இரவு உணவா என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். மற்றவர்களுடைய எழுத்திலேயே "நைட்டு போனோம்", "ஞாயிறு காலை" என்று தடயம் இருந்தது.

தாமதம் பற்றி 23 குறைகள், சட்னி பற்றி 19, பார்சல் பற்றி 16. சப்ளையர் பற்றி 5 மட்டும்தான். அந்த 5-இல் 4 பேர் அதே விமர்சனத்தில் வெகுநேரம் காத்திருந்ததையும் எழுதியிருந்தார்கள். தோசை வராமல் இரண்டு மூன்று முறை கேட்டவர்களிடம்தான் அந்தப் பையன் எரிந்து விழுந்திருக்கிறான். இதைக் காட்டியதும் சித்தப்பா அவனை நிறுத்தும் பேச்சை விட்டுவிட்டார்.

மூணு ஸ்டார்

இவ்வளவு வேலை தேவையில்லை. 3 நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் படித்தால் போதும். 1 போட்டவர்கள் கோபத்தில் எழுதுவார்கள், 5 போட்டவர்கள் "சூப்பர்" என்பதோடு முடித்துவிடுவார்கள். நடுவில் இருப்பவர்தான் நல்லதையும் கெட்டதையும் விவரமாகச் சொல்வார். என் மொபைல் கடைக்கு நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

காவேரிக்கரை

3 நட்சத்திர விமர்சனங்களில் விவரம் அதிகம் என்பது எங்களுக்கும் பொருந்தியது. ஆனால் சட்னிக் குறையில் பாதி 5 நட்சத்திரம் போட்ட விமர்சனங்களில்தான் இருந்தது. "டேஸ்ட் செம. சட்னி வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நட்சத்திரத்தை வைத்து வடிகட்டியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கேட்டரிங் முருகன்

தங்கச்சி, சட்னிக் குறை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தானே?

காவேரிக்கரை

ஆமாம் அண்ணே. நேரம் தெரிந்தவற்றில் இரண்டைத் தவிர எல்லாமே இரவு டிபன்.

கேட்டரிங் முருகன்

அப்படியானால் ருசியில் கோளாறு இல்லை, வைத்திருக்கும் முறையில்தான் கோளாறு. விடியற்காலையில் மொத்தமாக அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி தஞ்சாவூர் வெயிலில் ராத்திரி வரை தாங்காது. இன்னொன்றையும் போய்ப் பாருங்கள். சட்னி குறையும்போது புதிதாக அரைத்ததை அதே தூக்கில், பழசின் மேலேயே ஊற்றுவார்கள். அடியில் கிடக்கும் பழசு புதுசையும் சேர்த்துப் புளிக்க வைக்கும். தாளிப்பு கொட்டினால் வாசனை வரும், புளிப்பு போகாது.

துருவிய தேங்காயை ஃபிரிட்ஜில் வையுங்கள். 3 மணி நேரத்துக்கு ஆகும் அளவு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த வேறு பாத்திரம். பழசு மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பார்சலில் என்ன குறை சொல்கிறார்கள்?

காவேரிக்கரை

ரோஸ்ட் தொளதொளவென்று வருகிறது, சாம்பார் ஒழுகுகிறது. இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பழசு மேல் புதுசு ஊற்றுவது உண்மைதான் அண்ணே, நேற்று போய்ப் பார்த்தேன்.

கேட்டரிங் முருகன்

சூடான ரோஸ்ட்டை டப்பாவில் போட்டு மூடினால் அதன் ஆவியே அதை நமத்துப்போகச் செய்துவிடும். எவ்வளவு நல்ல மாஸ்டர் சுட்டாலும் இதுதான் கதி. டெலிவரி ஆப் மெனுவிலிருந்து ரோஸ்ட்டை எடுத்துவிட்டு இட்லி, கல் தோசை, ஊத்தப்பம் வைத்துக்கொள்ளலாம், அவை தாங்கும். சாம்பாரைக் கவரில் கட்டாமல் மூடி போட்ட கப்பில் கொடுங்கள், விளிம்பு வரை ஊற்றாதீர்கள்.

பேக்கரி ரவி

எனக்கு அவசரமாக ஒரு விவரம் வேண்டும். கெட்ட விமர்சனத்தை எப்படி அழிப்பது? 5 நட்சத்திரம் போட்டால் ஒரு பஃப்ஸ் இலவசம் என்று போர்டு வைத்தால் சராசரி ஏறுமா?

கேட்டரிங் முருகன்

கடைக்காரர் தானாக அழிக்க முடியாது தம்பி. கெட்ட வார்த்தை, சம்பந்தமே இல்லாத விளம்பரம் என்று விதியை மீறியது இருந்தால் புகார் செய்யலாம், நீக்குவது கூகுள் கையில். இலவசம் கொடுத்து விமர்சனம் வாங்குவதும் அவர்கள் விதிக்கு எதிரானது. அப்படி வாங்கியதைத் தொகுத்தால் உங்களுக்கே எது உண்மை என்று தெரியாமல் போகும்.

நாகர்கோவில் தையல்

எனக்கு லேடீஸ் டெய்லரிங் கடை. மொத்தமே 30 விமர்சனம்தான். "சொன்ன தேதிக்குத் தரவில்லை" என்று 4 பேர், "அளவு இறுக்கம்" என்று 3 பேர். இதை வைத்து எது பெரிய குறை என்று எப்படிச் சொல்வது?

கேட்டரிங் முருகன்

4-க்கும் 3-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள் அம்மா. இவ்வளவு குறைவாக இருக்கும்போது எண்ணிக்கை உதவாது. அந்த 7 பேருடைய ஆர்டரையும் உங்கள் அளவு நோட்டில் தேடிப் பாருங்கள்.

நாகர்கோவில் தையல்

பெயர் தெரிந்தவர்களைப் பார்த்துவிட்டேன். தாமதம் எல்லாம் தீபாவளிக்கு முந்தைய ஆர்டர்கள். இறுக்கம் என்று சொன்னவர்களில் இருவர் புது அளவு கொடுக்கவில்லை, பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து இதே மாதிரி தைக்கச் சொன்னவர்கள். இனி அளவு ஜாக்கெட் கொண்டுவந்தாலும் டேப் வைத்து ஒரு முறை எடுத்துவிடப் போகிறேன். தீபாவளிக்கு எந்தத் தேதியோடு ஆர்டரை நிறுத்துவது என்பதுதான் மனசு வராத காரியம்.

காவேரிக்கரை

தாமதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஞாயிறு காலை. போய் நின்று பார்த்தால், மேசை ஆர்டரும் டெலிவரி ஆர்டரும் ஒரே தோசைக்கல்லுக்குப் போகின்றன. டெலிவரிப் பையன் வாசலில் நின்று அவசரப்படுத்துவதால் மாஸ்டர் பார்சலை முதலில் சுடுகிறார். இப்போது 8 முதல் 10 மணி வரை சின்னக் கல்லைப் பார்சலுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். மிகவும் நெருக்கினால் ஆப்பில் கடையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறோம். உட்கார்ந்திருப்பவரிடம் எவ்வளவு நேரமாகும் என்று முதலிலேயே சொல்லும்படி சப்ளையரிடம் சொல்லியிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். போன வருஷம் தோசை மாஸ்டர் மாறினார். அதற்கு முந்தைய விமர்சனங்களைத் தனியாகப் பிரித்துவிட்டேன். "தோசை கருகல்" என்ற குறை கிட்டத்தட்ட முழுக்க அந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

மூணு ஸ்டார்

சரி, மாற்றிய பிறகு பலன் தெரிந்ததா?

காவேரிக்கரை

புதிதாக வந்தவை மிகக் குறைவு. சட்னிக் குறை அவற்றில் இல்லைதான், ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

கேட்டரிங் முருகன்

விமர்சனத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் அக்காவிடம் கேளுங்கள். ராத்திரி தட்டில் சட்னி மிஞ்சி வருகிறதா இல்லையா என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

காவேரிக்கரை

இன்றைக்கே கேட்கிறேன். எனக்குப் பிடிபடாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. 11 பேர் "விலை அதிகம்" என்று எழுதியிருக்கிறார்கள், அதில் 6 பேர் வடையைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். வடையைப் பெரிதாக்கலாம் என்பது என் எண்ணம். உளுந்து விற்கும் விலைக்கு அது கட்டாது, 2 ரூபாய் குறைத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. வடை போட்டு விற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.