புதுப்பிப்பு: பிஎஸ்5-இல் யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து எம்.2-வுக்கு

முதலில் இங்கே கேட்ட கேள்வி: "யூஎஸ்பி எஸ்எஸ்டி வாங்கிட்டேன். பிஎஸ்5 கேம் காப்பி ஆகுது, ஓட மாட்டேங்குது. டிரைவ் கோளாறா?"

கோளாறு இல்லை. யூஎஸ்பியில் பிஎஸ்5 கேமைச் சேமிக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது. திரும்ப உள்ளே நகர்த்த வேண்டும்: 100 ஜிபி கேம், நொடிக்கு 500 எம்பி வேகத்தில் போனாலே மூன்று நிமிடத்துக்கு மேல்.

அதனால் இப்போது 2280 அளவு எம்.2 எஸ்எஸ்டி கன்சோலுக்குள்ளேயே போயிருக்கிறது. முதல் முயற்சியில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை. டிரைவின் முனை தூக்கியே நின்றது. சிறிய ஸ்பேசரை 80 என்ற துளைக்கு மாற்றாததுதான் காரணம். விவரமறிந்த ஒருவர் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். மாற்றியதும் டிரைவ் படிந்து உட்கார்ந்தது. ஆன் செய்ததும் ஃபார்மட் கேட்கும், முடிந்ததும் படிக்கும் வேகத்தைக் காட்டும்.

"ஸ்லாட்டுக்கு மூடி இருக்கே, ஹீட்சிங்க் எதுக்கு?" என்றார் இன்னொருவர். மூடி உண்டு, ஆனால் அது வெப்பத்தை இழுக்காது. ஹீட்சிங்க் கட்டாயம் வேண்டும். டிரைவோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மி.மீ. தாண்டக் கூடாது.

லோடிங்? பிஎஸ்5 கேம்களில் உள் சேமிப்புக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. கிடைத்தது இடம்தான், வேகம் அல்ல.

பிஎஸ்4-ஐப் பற்றிக் கேட்டவருக்கு: ஹார்டு டிஸ்கை விட யூஎஸ்பி எஸ்எஸ்டியிலேயே லோடிங் நன்றாகக் குறையும், கன்சோலைத் திறக்கவே வேண்டாம்.

சோனி பரிந்துரைப்பது நொடிக்கு 5,500 எம்பி. அதற்குச் சற்றுக் குறைந்த டிரைவ் எல்லா கேமுக்கும் தாங்குமா என்பதில் இங்கே இன்னும் ஒத்த கருத்து இல்லை.