null ரிசல்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? என் பைலட் சோதனையும் அதுலதான் மாட்டியிருக்கு

மொழிமாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மொழியியல்ல பிஎச்டி பண்றேன், தீசிஸ் தமிழ்லயே எழுதுறேன், அதனால கலைச்சொல்லுக்கு இந்தக் குழுவைத்தான் நம்பியிருக்கேன்.

தலைப்பு இதுதான்: "வந்துகொண்டிருந்தான்"னு சேர்த்து எழுதினா படிக்க மெதுவாகுதா, "வந்து கொண்டு இருந்தான்"னு பிரிச்சா வேகமாகுதா. எட்டு மாசமா 120 வாக்கியம் தேடி, சொல்லோட நீளம், எவ்வளவு புழங்குதுன்னு எல்லாம் சரிபார்த்து, 30 பேர்கிட்ட குடுத்து "இது இயல்பா இருக்கா"ன்னு மார்க் வாங்கி வெச்சிருக்கேன். பைலட்ல 14 காலேஜ் பசங்க. முழு வாக்கியம் ஸ்கிரீன்ல வரும், படிச்சதும் பட்டன் தட்டணும், நடுநடுவுல ஒரு கேள்வி வரும். சராசரி 2400 மில்லிசெகண்ட், சேர்த்து எழுதினது 35 மில்லிசெகண்ட் மட்டும்தான் மெதுவு. கைடு ஒரே வரில முடிச்சுட்டார்: "எஃபெக்ட் இல்லம்மா, தலைப்ப மாத்திக்கோ."

அடுத்த மாசம் டாக்டோரல் கமிட்டி. அறிக்கையில இந்த null ரிசல்ட்டுக்கு, அதாவது வித்தியாசம் எதுவும் பிடிபடாத முடிவுக்கு, என்ன வார்த்தை போடட்டும்? பூஜ்ய முடிவா, சுழி முடிவா, வெற்று முடிவா?

திருவாரூர்க்காரன்:

பாடப்புத்தகத்துல இன்மைக் கருதுகோள்னு படிச்சோம்ல, அதையே நீட்டி "இன்மை முடிவு"ன்னு வெச்சுக்கலாம். பூஜ்யம் வேணாம், பரிச்சைல பூஜ்யம் வாங்கின மாதிரி கேக்கும். சூனிய முடிவுன்னு மட்டும் போட்டுடாதீங்க, யாரோ வெச்சுட்டாங்கன்னு நினைப்பாங்க. எதிர்மறை முடிவும் தப்பு, அது நீங்க சொன்னதுக்கு நேர்மாறா வந்ததுன்னு ஆயிடும்.

அப்புறம் தலைப்ப மாத்தவே வேணாம். 14 பேர்ல பொண்ணுங்கள மட்டும் எடுத்துப் பாருங்க, இல்ல கிராமத்துப் பசங்கள மட்டும். எங்கயாச்சும் எஃபெக்ட் இருக்கும். எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் அப்படித்தான் காப்பாத்துறாங்க.

வயல்வெளி:

எனக்கும் இதே ஆச்சு. மண்ல இருக்கற மணிச்சத்தைக் கரைச்சுப் பயிருக்குக் குடுக்கற பாஸ்போபாக்டீரியா போட்டா நெல் மகசூல் கூடுமான்னு பார்த்தேன், முதல் சீசன்ல போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் வித்தியாசமே இல்ல. மூணு மாசம் தூக்கம் போச்சு. அப்புறம் மண்ணை டெஸ்ட்டுக்கு அனுப்பினா ஓல்சன் முறையில எக்டேருக்கு 38 கிலோ மணிச்சத்து, 22க்கு மேல போனாலே அதிகம்னுதான் கணக்கு. வருஷக்கணக்கா டிஏபி கொட்டின நிலம் அது, பசியில்லாதவனுக்குச் சோறு போட்ட கதைதான். அதனால "பலன் தருமா"ங்கறத விட்டுட்டு "மணிச்சத்து எவ்வளவு இருக்கற மண்ல பலன் நின்னுபோகுது"ன்னு கேள்விய மாத்தினேன், மட்டமான மண், நடுத்தரமான மண்ணு ரெண்டு சேர்த்துக்கிட்டேன். முதல் சீசன் வேஸ்ட் ஆகல, அதுவே மூணுல ஒரு புள்ளியா உக்காந்துடுச்சு. உங்க பசங்களும் அந்த மாதிரி ரொம்ப நல்லாப் படிக்கிறவங்களா இருக்கலாம், பாருங்க. வார்த்தை பத்தி எனக்குத் தெரியாது.

புள்ளியியல்காரி:

மா, வார்த்தைக்கு முன்னாடி ஒண்ணு. உன் கைடு "எஃபெக்ட் இல்ல"ன்னு சொன்னாரே, உன் டேட்டா அப்படிச் சொல்லுதா? ஒவ்வொரு ஆளுக்கும் சேர்த்ததுல பிரிச்சதக் கழிச்சா வர்ற வித்தியாசத்தோட திட்டவிலக்கம் என்ன, அனுப்பு. ஒரே ஆளு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடுத்த நேரம் எவ்வளவு சிதறுதுன்னும் அனுப்பு.

மொழிமாணவி:

அக்கா, வித்தியாசத்தோட திட்டவிலக்கம் 210. ஒரே ஆளுக்குள்ள வாக்கியத்துக்கு வாக்கியம் சுமார் 600. களைச்சிடுவாங்கன்னு பயந்து பைலட்ல 40 வாக்கியம்தான் குடுத்தேன், ஆளுக்கு 20 சேர்த்தது, 20 பிரிச்சது. கேள்விக்கு 97 சதவீதம் சரியான பதில். வயல்வெளி அண்ணா சொன்னது சரிதான், வாக்கியங்கள் அவங்களுக்கு ரொம்ப லேசு போல.

புள்ளியியல்காரி:

210ஐ 14ஓட வர்க்கமூலத்தால வகுத்தா 56. அப்ப 95 சதவீத இடைவெளி மைனஸ் 86லேர்ந்து பிளஸ் 156 வரைக்கும் போகுது. சேர்த்து எழுதினா 156 மெதுவாகுதுன்னாலும் இந்த டேட்டா மறுக்காது, 86 வேகமாகுதுன்னாலும் மறுக்காது. இது "இல்ல" இல்லம்மா, "தெரியல". 1995லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஆல்ட்மனும் பிளாண்டும் இதுக்குன்னே ஒரு சின்னக் குறிப்பு எழுதினாங்க, ஆதாரம் கிடைக்கலங்கறது இல்லைங்கறதுக்கு ஆதாரம் ஆகாதுன்னு. அதனால "இன்மை முடிவு"ன்னு நீ எழுதினா கமிட்டிக்கு முன்னாடி நீயே உன் தலைப்புக்குக் குழி தோண்டின மாதிரி.

இப்ப அந்த 210 எங்கேர்ந்து வருதுன்னு பாரு, அதுதான் முக்கியம். வாக்கியத்துக்கு வாக்கியம் 600 சிதறினா, 20க்கு 20 எடுக்கறப்ப அந்தச் சிதறல்லேர்ந்து மட்டுமே வித்தியாசத்துல 190 வந்துடும். ஆளுக்கு ஆளு நிஜமாவே மாறுறது மீதி 90 அளவுதான். அப்போ உன் பிரச்சனை ஆள் குறைச்சல் மட்டுமில்ல, ஆளுக்கு வாக்கியம் குறைச்சல். 120 வாக்கியம் ரெடியா இருக்குங்கற, அதுல 80 பெட்டியிலயே தூங்குது. ரெண்டு நாளாப் பிரிச்சு 120ம் குடு, ஆளுக்கு 60க்கு 60, எந்த வாக்கியமும் ஒரே ஆளுக்கு ரெண்டு வடிவத்துலயும் வராம ரெண்டு லிஸ்ட்டா மாத்தி மாத்தி. திட்டவிலக்கம் 140 கிட்ட இறங்கும். 60 பேர் கிடைச்சா இடைவெளி ரெண்டு பக்கமும் 37தான்.

அப்ப தலைப்பு "சேர்த்து எழுதுவது வாசிப்பை மெதுவாக்குகிறது"ன்னு ஒரு பக்கம் சாஞ்சு நிக்க வேணாம், "எந்த அளவுவரை மாற்றும்"னு திரும்பும். எத்தனை மில்லிசெகண்டுக்குக் கீழ போனா பரவாயில்லன்னு முன்னாடியே முடிவு பண்ணு. 2400ல 50னா ரெண்டு சதவீதம் சொச்சம், என்னைக் கேட்டா அதுக்குக் கீழ பாடநூல் எழுதறவங்க கவலைப்பட வேண்டியதில்ல, ஆனா அந்த எண்ணை நீதான் வாதாடி நிறுத்தணும். இடைவெளி மொத்தமும் 50க்குள்ள அடங்கினா அப்பத்தான் "இல்ல"ங்கற வார்த்தைக்கு உனக்கு உரிமை. ஒண்ணு, இந்தக் கணக்கெல்லாம் 14 பேரோட 210ஐ நம்பிப் போட்டது, 14 பேர்ல அந்த எண்ணே ஆடும், அதனால 60ஐ அடிமட்டமா வெச்சுக்கோ.

திருவாரூர் தம்பி சொன்னதச் செய்யாத. 14 பேரை வெட்டி வெட்டிப் பார்த்தா எங்கயாச்சும் ஒண்ணு துருத்திக்கிட்டுதான் இருக்கும், அத முதல்லேர்ந்து தேடின மாதிரி எழுதறதுக்குப் பேரு வேற.

திருவாரூர்க்காரன்:

சரி அக்கா, ஒத்துக்கறேன். ஆனா பைலட்ல வந்த 14 பேரையாவது மெயின் டேட்டாவோட சேர்க்கலாம்ல? ஆள் கிடைக்கறதே கஷ்டம்.

புள்ளியியல்காரி:

அதே 14ஐப் பார்த்துத்தானே டிசைனையே மாத்துறா, அப்புறம் அதையே சேர்த்தா எப்படி. மெயின்ல வேணாம். தனி அத்தியாயமா "கருவியைச் சரிபார்த்தல்"னு போடட்டும், 97 சதவீதம், 600 சிதறல், பட்டன் தட்டற பழக்கம் எல்லாம் அங்க பயன்படும். எத்தனையோ தீசிஸ்ல அந்த அத்தியாயம் இல்லாமயே போயிடுது.

பழைய வாத்தியார்:

அம்மாடி, கணக்கு எனக்குப் புரியாது, ஆனா "இல்லை"க்கும் "தெரியலை"க்கும் உள்ள சண்டை பழசு. பாட்ட மீமாம்சைக்காரங்க அனுபலப்தின்னு தனியா ஒரு பிரமாணமே வெச்சாங்க, காணாமையால இன்மையை அறியறது. கூடத்துல குடம் இல்லன்னு எப்படிச் சொல்ற? பார்த்தேன், காணலைன்னு. இருட்டுல பார்த்துக் காணலைன்னா? அது கணக்குல வராது. இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கணும், அந்த நிலைமையில காணலைன்னாத்தான் இல்லைன்னு சொல்லலாம், அதுக்கு யோக்ய அனுபலப்தின்னு பேரு. நீ 14 பேரை வெச்சு இருட்டுல குடம் தேடியிருக்க.

அதனால ஒரு சொல் போதாது, ரெண்டு வேணும். இப்ப உன் கையில இருக்கறது "காணா முடிவு". விளக்கேத்தித் தேடின பிறகும் இல்லைன்னா "இன்மை முடிவு".

புள்ளியியல்காரி:

ஐயா, அந்த விளக்கு உவமையை நாளைக்கு கிளாஸ்ல எடுத்துக்கப் போறேன். ஆனா ஒண்ணு, இருட்டு வெளிச்சம் மாதிரி ரெண்டே நிலை இல்ல, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக் கூடும். குடம் தெரியற வெளிச்சத்துல குண்டூசி தெரியாது. அதனால "இன்மை"ன்னு தனியா நிக்கவே கூடாது, "50க்கு மேல் இன்மை"ன்னு எண்ணோட சேர்ந்தேதான் வரணும்.

திருவாரூர்க்காரன்:

"காணா முடிவு" எனக்கு ஒட்டல. முடிவையே காணோம்னு அர்த்தம் வருது. "விளைவு புலப்படாமை"ன்னா?

பழைய வாத்தியார்:

நீளம் தம்பி. "காணா"வுல தப்பில்ல, காணாத விளைவுன்னு விரிச்சுக்கலாம்.

வயல்வெளி:

எங்க பக்கம் விதை போட்டு முளைக்காட்டா "தரிசு"ம்பாங்க, "தரிசு முடிவு"ன்னு போட்டா என்ன? தரிசுன்னா மண்ணு செத்ததுன்னு இல்ல, இந்த வருஷம் பயிர் வைக்கலைன்னுதானே.

புள்ளியியல்காரி:

அண்ணே, சொல்லு அழகா இருக்கு, ஆனா தரிசுன்னா விதைக்காம விட்டது. இவ விதைச்சாளே.

மொழிமாணவி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து கைடுகிட்ட போய் அந்த மைனஸ் 86, பிளஸ் 156ஐ ஒரே கோடாப் போட்டுக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துட்டு "சரி, தலைப்புல ஒரு வார்த்தைதானே மாறுது"ன்னார். எதிக்ஸ் அனுமதி, வாக்கியம், ஸ்கிரிப்ட் எல்லாம் அப்படியே நிக்குது, ரெண்டு நாள் வரச்சொல்றதுக்கு மட்டும் ஒரு திருத்தம் போடணும். 60 பேருக்கு எங்க போறதுன்னுதான் தெரியல, 40தான் ஆகும் போல, அப்ப இடைவெளி 45 ஆயிடுதுக்கா, 50க்குள்ள அடங்கறது ரொம்ப இறுக்கம். இன்னொண்ணு, இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச ரெண்டு பேருக்கு மட்டும் வித்தியாசம் 300 கிட்ட வந்திருக்கு. ரெண்டே பேர்தான், தெரியும், எதுவும் சொல்ல முடியாது. அதே 120 வாக்கியத்த வெச்சு ரெண்டாவது சோதனையாப் போடலாமான்னு கமிட்டிய கேக்கப்போறேன்.

டிராஃப்ட்ல வாத்தியார் ஐயா சொன்ன "காணா முடிவு"தான் போட்டிருந்தேன். கைடு படிச்சுட்டுக் கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா, டேட்டா காணாம போச்சா? பேக்கப் எடுக்கலையா?"

திருவாரூர் அண்ணா, புலப்படாமைய இன்னும் கொஞ்சம் சுருக்க முடியுமா பாருங்களேன்.