பீட்பாக்ஸ் உதவி: கிக் அடித்தால் ‘பூ’ என்று வருகிறது, நாலு சுற்றில் மூச்சும் போய்விடுகிறது

அரைத்தாளம்:
எனக்கு வயது 15. வாயாலேயே டிரம் ஒலி எழுப்பும் பீட்பாக்ஸை மூன்று வாரமாகப் பழகுகிறேன். ‘பூட்ஸ் அண்ட் கேட்ஸ்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அப்புறம் நடுவில் உள்ள உயிரெழுத்தை எடுத்துவிடு என்று ஒரு வீடியோவில் பார்த்துத் தொடங்கினேன். ஹை-ஹேட் சுமாராக வருகிறது. கிக் மட்டும் டிரம் மாதிரியே இல்லை, யாரோ ‘பூ, பூ’ என்று பேசுவது போல இருக்கிறது. ஸ்னேர் அடித்தால் ‘க்ஹா’ என்று தொண்டையைக் கீறி இருமல் வருகிறது. வேகம் நிமிடத்துக்கு 70 அடிதான், ஆனாலும் நாலு சுற்றுக்குள் மூச்சு வாங்குகிறது. மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்ய வேண்டுமா?

ஓட்டைக்குழல்:
உதட்டை இன்னும் இறுக்கி மூடு, பலூன் வெடிப்பது போலத் திறக்க வேண்டும். வயிற்றிலிருந்து காற்றை ஓங்கித் தள்ளினால் கனம் வரும். தினமும் ஓடு, மூச்சு தானாகக் கூடும்.

தடதட:
உதடு சரி, வயிறு தவறு. தம்பி, 70 வேகத்தில் நாலு சுற்று என்றால் 16 அடி, மொத்தமே 14 வினாடி. அந்த நேரம் யாரும் மூச்சை அடக்கிவிடலாம். நீ ஒவ்வொரு அடிக்கும் நுரையீரல் காற்றைச் செலவழிக்கிறாய், அதுதான் சிக்கல்.

கனமான பெட்டியைத் தூக்கும்போது தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும் அல்லவா? அப்படி அடைத்துக்கொள். உதட்டை மூடு. இப்போது வாய்க்குள் இருக்கும் கொஞ்சக் காற்றை மட்டும் வைத்து ‘ப்’ என்று வெடி. தொண்டையில் விரலை வைத்துப் பார்: அதிர்ந்தால் நீ இன்னும் பேசுகிறாய். குரல்வளை மேலே ஒரு துள்ளு துள்ளினால் அதுதான் கிக். இதை ஆங்கில ‘B’ எழுத்தால் எழுதிக் காட்டுவார்கள். ‘அம்பு’வில் வரும் ‘பு’ மாதிரி ஒலிக்கப் போனால் குரல் சேர்ந்து, உன் ‘பூ’தான் வரும். ‘கப்பல்’ என்று தொடங்கி ‘ப்’பிலேயே அறுத்து நிறுத்து, அங்கிருந்து போ. முதலில் சத்தம் சின்னதாகத்தான் இருக்கும்.

மாடிஅறை:
எனக்கும் இதே பிரச்சினை! கிக் அடித்தாலே போன் பதிவில் ‘டப்’ என்று உடைகிறது. மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன், சரியாகிவிட்டது.

தடதட:
அவன் மைக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை :) ஆனால் உங்கள் கிக்கிலும் காற்று அதிகம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அரைத்தாளம்:
மூச்சை அடக்கி அடித்தேன் அண்ணா, ஒரு சுற்று முழுக்க வந்தது! ‘பூ’ போய்விட்டது. ஆனால் ஸ்னேருக்கு அதே கீறல்.

தடதட:
ஏனென்றால் அதைத் தொண்டையில் அடிக்கிறாய். அந்த ‘க்’ நாக்கின் ஓரத்தில் நடக்க வேண்டும். நாக்கின் பின்பக்கத்து ஓரத்தைக் கடைவாய்ப் பல்லோடு அழுத்தி, காற்றை உள்ளே இழுத்து ஓரத்தை மட்டும் சட்டென்று விடு. கன்னத்தின் உட்புறம் சில்லென்று இருந்தால் சரி. தொண்டை வறண்டால் தவறு, அன்றைக்கு நிறுத்திவிடு. வந்துவிட்டால் மூச்சுக் கவலையும் தீரும், ஸ்னேர் அடிக்கும்போதே காற்றும் உள்ளே போகிறது.

ஓட்டைக்குழல்:
மாட்டை ஓட்ட நாக்கால் ‘ளக்’ என்று சொடுக்குவோமே, அதுதானே?

தடதட:
இடம் கிட்டத்தட்ட அதே. ஆனால் அந்தச் சொடுக்கு நாக்கின் உறிஞ்சலிலேயே முடிந்துவிடும், மூச்சு உள்ளே போகாது. மூக்கை அடைத்துக்கொண்டு செய்து பாருங்கள், எது எது என்று தெரிந்துவிடும்.

சன்னஒலி:
மூன்றே வாரமான பையனுக்கு உள்ளிழுக்கும் ‘க்’ எதற்கு? நான் ஸ்னேருக்கு ‘ப்ஃப்’தான் முதலில் சொல்லித் தருவேன்: கிக் மாதிரியே வெடித்து, உடனே கீழுதட்டை மேல்பல்லில் தொட்டு ‘ஃப்’. இரண்டே நாளில் வரும். அப்புறம் ஹை-ஹேட்: நம் ‘ட்’டுக்கு நாக்கு பின்னால் மடிகிறது, ‘த்’துக்குப் பல்லில் ஒட்டுகிறது. இரண்டும் வேண்டாம், பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நுனியை வைத்து ‘ட்ஸ்’.

தடதட:
‘ப்ஃப்’ சீக்கிரம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிக்குக்கும் ஸ்னேருக்கும் ஒரே உதடு என்றால் வேகம் கூட்டும்போது திணறுவான்.

சன்னஒலி:
நான் பல வருடமாக அப்படித்தான் அடிக்கிறேன், திணறவில்லை.

அரைத்தாளம்:
இரண்டையும் செய்து பார்த்தேன். ‘ப் ட்ஸ் ப்ஃப் ட்ஸ்’ 70இல் எட்டுச் சுற்று போகிறது, நடுவில் ஒரு ஹை-ஹேட்டை விட்டுவிட்டு மூக்கால் மூச்சு எடுக்கிறேன். ‘க்’ வலது ஓரத்தில் மட்டும் வருகிறது, அதுவும் தனியாக அடித்தால்தான். கிக்குக்கு அடுத்து வைத்தால் திரும்பவும் தொண்டைக்குப் போய்விடுகிறது. வேகத்தை 50க்கு இறக்கிப் பார்க்கிறேன்.