ஒரே தேடலுக்கு இரண்டு பிரச்சாரங்கள்: என்ன சொல் வைக்கலாம்?

நிலா:
வணக்கம். கூகுள் விளம்பரக் கணக்கை நிர்வகிப்போருக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஒரே கணக்கில் இரண்டு பிரச்சாரங்கள் ஒரே தேடலுக்குப் பொருந்துகின்றன. எதன் விளம்பரத்தை ஏலத்துக்கு அனுப்புவது என்று கூகுள் முடிவு செய்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைக் 'கேனிபலைசேஷன்' என்கிறார்கள். 'தன்னின உண்ணல்' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கவே கூசுகிறது. நல்ல சொல் கிடைக்குமா?

குமரன்:
'உட்போட்டி' போதுமே. நம்முடைய இரண்டு குறிச்சொற்களும் ஏலத்தில் நின்று ஒன்றின் விலையை மற்றொன்று ஏற்றிவிடுகின்றன. அந்த நட்டம் சொல்லிலேயே தெரிகிறது.

அருள்:
எனக்கும் இதே தொல்லைதான். என் தளத்தில் ஒரே பொருளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன, தேடினால் பழையதுதான் மேலே வருகிறது. நான் இதைப் 'பக்க மோதல்' என்று சொல்லி வருகிறேன்.

மீனாட்சி:
அருள், உங்களுடையது கட்டணமில்லாத தேடல் முடிவு. அங்கே ஏலமே இல்லை. அதற்குப் 'பக்க மோதல்' நன்றாகவே பொருந்துகிறது, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குமரன் சொல்வதுபோல் விலை ஏறுவதில்லை. ஓர் இடத்துக்கான ஏலத்துக்கு ஒரு கணக்கிலிருந்து ஒரு விளம்பரம்தான் போகும். எது போவது என்பது அதற்கு முன்பே உள்ளுக்குள் முடிவாகிவிடுகிறது. ஆனால் நட்டம் இருக்கிறது என்பது சரிதான். தவறான பிரச்சாரம் போனால் வேறு ஏலத்தொகை, பொருந்தாத வாசகம், தொடர்பில்லாத இறங்குபக்கம் எல்லாம் கூடவே போகும்.

நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
பைகள்          : பை வாங்க
மடிக்கணினிப் பை : [மடிக்கணினி பை]
```

இடப்பக்கம் பிரச்சாரத்தின் பெயர், வலப்பக்கம் அதன் குறிச்சொல். முதலாவது விரிபொருத்தம், தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் பொருந்தும். இரண்டாவது துல்லியப் பொருத்தம், அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும் பொருந்தும். ஒருவர் 'மடிக்கணினி பை' என்று அப்படியே தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒத்த துல்லியப் பொருத்தத்துக்குத்தான் முதல் உரிமை. மற்றதன் ஏலத்தொகை கூடுதலாக இருந்தாலும் அது மாறாது. இருந்தும் தேடல் சொற்கள் அறிக்கையில் இந்தத் தேடல் இரண்டு பிரச்சாரங்களின் பெயரிலும் வந்தது. உரிமையாளர் கூகுள் விதியை மீறுகிறது என்றே நம்பிவிட்டார்.

காரணம் எளியது. இரண்டாவது பிரச்சாரத்தின் நிலை `Limited by budget`. பட்ஜெட் போதாதபோது அந்தப் பிரச்சாரம் சில ஏலங்களுக்குத் தகுதி பெறாது. தகுதி இல்லாததற்கு உரிமையும் இல்லை, மற்றது உள்ளே வந்துவிடுகிறது. பட்ஜெட்டைக் கூட்டிய பிறகு அந்தத் தேடல் 'பைகள்' பக்கம் வருவது நின்றது.

ஆகவே இங்கே இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டும் பொருந்தி நிற்கும் நிலைக்கு 'இரட்டைப் பொருத்தம்'. கணக்குக்குள்ளேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு 'உள்தெரிவு'. 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவுக்கு வருகிறது, அதனால்தான் தெரிவு.

குமரன்:
ஒத்துக்கொள்கிறேன், விலை விஷயத்தில் நான் தவறாக நினைத்திருந்தேன். ஆனால் பட்ஜெட்டைத் தொடாமலே, 'பைகள்' பிரச்சாரம் அந்தத் தேடலுக்கு வராதபடி 'மடிக்கணினி பை' என்பதை அதில் விலக்குச்சொல்லாகப் போட்டால் தீர்ந்ததே?

மீனாட்சி:
போடலாம், ஆனால் யோசித்துப் போடுங்கள். `[மடிக்கணினி பை]` என்று விலக்கினால், பட்ஜெட் தீரும் நேரத்தில் இரண்டுமே காட்டாது. தவறான பக்கத்துக்கு வருவதைவிட வராமலிருப்பது மேல் என்றால் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று, விலக்குச்சொல் பன்மையைத் தானாகப் பிடிக்காது. 'மடிக்கணினி பைகள்' என்று தேடினால் 'பைகள்' பிரச்சாரம் இன்னும் வரக்கூடும். எழுத்துக்கு எழுத்து ஒத்த குறிச்சொல் எங்குமே இல்லாத அப்படித் தேடல்களில்தான் பொருத்தப்பாடும், அதற்கு அப்புறம் விளம்பரத் தரவரிசையும் முடிவு செய்கின்றன. அந்தத் தரவரிசையில் ஏலத்தொகையும் சேர்வதால் அங்கே அதற்கு வேலை உண்டு.

நிலா:
'உள்தெரிவு' எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஏலம் வெளியே, தெரிவு உள்ளே என்று படித்த உடனே பிடிபடுகிறது. கையேட்டில் அதையே வைக்கிறேன். 'இரட்டைப் பொருத்தம்' பற்றித்தான் தயக்கம். மூன்று பிரச்சாரங்கள் பொருந்தினால் 'இரட்டை' பொய்யாகிவிடுமே. 'பல்பொருத்தம்' என்றாலோ பல் மருத்துவர் நினைவு வருகிறது.

அருள்:
'கூட்டுப் பொருத்தம்'?

மீனாட்சி:
கூட்டு என்றால் சேர்ந்து வேலை செய்வதுபோல் இருக்கிறது. இவை சேரவில்லை, ஒன்றுதான் போகிறது. இப்போதைக்கு 'இரட்டை'யே இருக்கட்டும் என்பேன். பெரும்பாலும் சிக்கல் இரண்டுக்கு இடையில்தான் வருகிறது. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.