போர்ட் ஃபார்வர்டு போட்டும் ஊர் வீட்டு கேமரா வெளியிலிருந்து வரவில்லை. ஞாயிறு கிளம்புகிறேன், உதவுங்கள்

ஊர்க்குருவி

வணக்கம். சிங்கப்பூரில் வேலை. பத்து நாள் லீவில் சிவகாசி வந்திருக்கிறேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். போன மாதம் அம்மா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. அதனால் வீட்டில் இருக்கும் நான்கு கேமராவையும் அங்கிருந்தே பார்க்கும்படி செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று இருக்கிறேன்.

டிவிஆர் பழையது, ஏழெட்டு வருடம் ஆகிறது. அதன் முகவரி 192.168.0.120, ஆப் பேசும் போர்ட் 8000. ரூட்டரில் `Virtual Server` பக்கத்தில் வெளிப்போர்ட் 8000, உள்போர்ட் 8000, 192.168.0.120, TCP என்று போட்டுச் சேமித்தேன். வீட்டு வைஃபையில் ஆப் நன்றாக ஓடுகிறது. மொபைல் டேட்டாவுக்கு மாறி, கூகுளில் பார்த்த எங்கள் வெளி ஐபியைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருந்து `Connection timed out` என்கிறது. மூன்று நாளாக இதே கதை. ஞாயிறு காலை கிளம்ப வேண்டும்.

கணினிக்காதலன்

உங்கள் ஐபி மாறிக்கொண்டே இருக்கும் தம்பி. ஐபி மாறினாலும் புது ஐபியையே காட்டும் DDNS பெயர் ஒன்று இலவசமாக எடுத்து ரூட்டரில் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டிவிஆரை `DMZ`-இல் போட்டுவிடுங்கள், எல்லா போர்ட்டும் திறந்துவிடும். சில இணைய இணைப்புகளில் 80, 8000 போன்ற போர்ட்களை மூடி வைத்திருப்பார்கள். வெளிப்போர்ட்டை 45000 மாதிரி மாற்றிப் பாருங்கள். எங்கள் கடையில் இப்படித்தான் செய்தேன், இன்றுவரை ஓடுகிறது.

நள்ளிரவு ஆட்டக்காரன்

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது அண்ணா! TCP மட்டும் போட்டால் வேலை செய்யாது, UDP போட வேண்டும். நான் மைன்கிராஃப்ட் சர்வருக்கு 19132 போர்ட்டை UDP என்று மாற்றியதும் நண்பர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் என்னால்தான் அதே வெளி முகவரியைப் போட்டு என் சர்வருக்குள் போக முடியவில்லை. அது ஏன்?

வயர்மேன்

ஊர்க்குருவி, விதியை இனி மாற்ற வேண்டாம். நீங்கள் போட்டது சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் முக்கியமான சொல் `timed out`. கோரிக்கை வீடுவரை வந்து, அங்கே கேட்க ஆள் இல்லை என்றால் பெரும்பாலும் உடனே `refused` என்று வரும். காத்திருந்து காத்திருந்து நேரம் போகிறது என்றால் கோரிக்கை உங்கள் ரூட்டரையே தொடவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம்.

ரூட்டரின் `Status` பக்கத்தில் `WAN IP Address` என்று ஒரு வரி இருக்கும். கூகுளில் பார்த்த வெளி ஐபியும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் லேப்டாப்பில் இதை ஓட்டி முதல் மூன்று வரியை இங்கே போடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

ஆட்டக்காரன் தம்பி, உங்கள் ஆட்டம் UDP-யில் ஓடுவது, அதனால் நீங்கள் செய்தது உங்களுக்குச் சரி. இவருடைய ஆப் டிவிஆரோடு TCP-யில் பேசுகிறது. உங்கள் சொந்தக் கேள்விக்கு: வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளி முகவரிக்குப் போனால், வெளியே போன பாக்கெட்டைத் திருப்பி உள்ளே கொண்டுவர எல்லா ரூட்டருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கும்போது சர்வரின் உள் முகவரியையே போடுங்கள்.

ஊர்க்குருவி

ஒன்று இல்லை அண்ணா! ரூட்டரில் `WAN IP` 192.168.1.5 என்று காட்டுகிறது. கூகுள் காட்டுவது முற்றிலும் வேறு எண். `tracert` இப்படி வருகிறது:

```
1    1 ms    1 ms    1 ms  192.168.0.1
2    2 ms    2 ms    2 ms  192.168.1.1
3    6 ms    5 ms    7 ms  100.72.0.1
```

வயர்மேன்

இந்த மூன்று வரியிலேயே பதில் இருக்கிறது.

முதல் வரி உங்கள் ரூட்டர். இரண்டாவது, ஃபைபர்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதுவும் ஒரு ரூட்டர்தான். அதாவது வீட்டுக்குள்ளேயே இரண்டு வாசல். நீங்கள் உள்வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து வருபவர் அந்த வெள்ளைப் பெட்டியில் நின்றுவிடுவார். இது மட்டும் என்றால் அந்தப் பெட்டியிலும் 8000-ஐ 192.168.1.5-க்கு அனுப்பச் சொல்லி ஒரு விதி போட்டு முடித்துவிடலாம்.

மூன்றாவது வரிதான் சிக்கல். 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள முகவரிகளை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். IPv4 முகவரிகள் தீர்ந்துபோனதால், இணைய நிறுவனங்கள் ஒரே வெளி ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. இதை சிஜிநாட் என்பார்கள். வெள்ளைப் பெட்டிக்குள் நுழைந்து அதன் `WAN IP`-யைப் பாருங்கள். அதுவும் 100.72 என்று தொடங்கினால் உறுதி.

அப்படி என்றால் கூகுள் காட்டிய ஐபி உங்களுடையது மட்டும் இல்லை, உங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளுக்குப் பொதுவானது. பெரிய அடுக்குமாடியின் தெருப் பெயரை மட்டும் எழுதி, கதவு எண் இல்லாமல் கூரியர் அனுப்பியது மாதிரி. வாசலில் நிற்பவருக்கு எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வாசல் உங்கள் கையில் இல்லை. DDNS போட்டால் அந்தப் பொது ஐபிக்கு ஒரு பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். `DMZ` போட்டாலும் போர்ட் எண்ணை மாற்றினாலும் உங்கள் ரூட்டருக்கு வந்து சேராத பாக்கெட்டுக்கு எதுவும் ஆகாது.

கணினிக்காதலன் ஐயா கடையில் தனி வெளி ஐபி இருந்திருக்கும், அதனால் அங்கே ஓடுகிறது. ஆனால் `DMZ`-ஐ மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் ஐயா. 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படித் திறந்து கிடந்த டிவிஆர்களிலும் கேமராக்களிலும்தான் புகுந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த சுமார் 60 பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து டெல்நெட் வழியே உள்ளே போனது. தன் கடை கேமரா இன்னொருவரைத் தாக்கிக்கொண்டிருந்ததே பல பேருக்குத் தெரியாது.

கணினிக்காதலன்

கடை இணைப்பு நிரந்தர ஐபி உள்ளதுதான், வருடாவருடம் தனியாகப் பணம் கட்டுகிறேன். வீட்டு இணைப்புக்கும் அதே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். `DMZ`-ஐ இன்று இரவே எடுக்கிறேன். ஆனால் தம்பி, டிவிஆர் கம்பெனி ஆப்பில் கியூஆர் ஸ்கேன் செய்தால் ஃபார்வர்டு எதுவும் இல்லாமலே தெரியுமே?

ஊர்க்குருவி

பழைய மாடல் ஐயா, அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஸ்கேன் செய்தால் `Device offline`.

வெள்ளைப் பெட்டியிலும் பார்த்துவிட்டேன், 100.72 என்றுதான் இருக்கிறது. இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்தேன். நிரந்தர ஐபிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். எப்போது சொல்வார் என்று தெரியவில்லை. வெள்ளைப் பெட்டியை `Bridge` ஆக்கச் சொல்லட்டுமா? IPv6 இருந்தால் போர்ட் ஃபார்வர்டே வேண்டாம் என்று ஓரிடத்தில் படித்தேன், அதையும் பார்க்கட்டுமா?

வயர்மேன்

பிரிட்ஜைத் தொடாதீர்கள். இரண்டு வாசலில் ஒன்று குறையும், ஆனால் சிஜிநாட் அப்படியே இருக்கும். நீங்கள் போன பிறகு இணைப்பு அறுந்தால் அப்பாவால் சரிசெய்யவும் முடியாது.

IPv6 பற்றிப் படித்தது உண்மைதான். ஆனால் உங்கள் டிவிஆருக்கு IPv6 தெரியுமா என்று `Network` பக்கத்தில் பாருங்கள், அந்தக் காலத்து டிவிஆர்களில் சந்தேகம்தான். தெரிந்தாலும், ஏழெட்டு வருடமாக அப்டேட் காணாத பெட்டியை நேராக இணையத்தில் நிறுத்தி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

உள்ளே வர வழி இல்லை என்றால் உள்ளிருந்து வெளியே போய்க் கைகோத்துக்கொள்ள வேண்டும். சிஜிநாட் வெளியே போவதைத் தடுப்பதில்லை. வீட்டில் எப்போதும் ஓடக்கூடிய சின்னக் கணினி ஏதாவது இருக்கிறதா? ராஸ்பெர்ரி பை, பழைய லேப்டாப், எதுவானாலும் சரி.

ஊர்க்குருவி

தம்பி கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கிய ராஸ்பெர்ரி பை 3 பீரோவில் கிடக்கிறது! டிவிஆரில் IPv6 இல்லை.

வயர்மேன்

போதும். லேன் கேபிளில் உங்கள் ரூட்டரோடு சேருங்கள், வைஃபை வேண்டாம். அப்படிக் கைகோத்துவிடும் VPN மென்பொருளான டெயில்ஸ்கேலை அதில் போடுங்கள்:

```
curl -fsSL https://tailscale.com/install.sh | sh
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee -a /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-routes=192.168.0.0/24
```

கடைசி வரிதான் வேலையைச் செய்கிறது. "192.168.0 என்று தொடங்கும் எல்லாருக்கும் என் வழியாக வரலாம்" என்று பை அறிவிக்கிறது. ஆனால் அறிவித்தால் மட்டும் போதாது. டெயில்ஸ்கேல் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், பையின் பெயருக்கு நேரே `Subnets` என்பதில் அந்த வழியை நீங்கள் அனுமதிக்க வேண்டும். "எல்லாம் செய்தேன், வரவில்லை" என்று வருபவர்களில் நிறையப் பேர் இதைத்தான் விட்டிருப்பார்கள். போனிலும் அதே கணக்கில் ஆப்பைப் போடுங்கள். கேமரா ஆப்பில் வெளி ஐபி எதுவும் வேண்டாம், வீட்டில் போடுவது போலவே 192.168.0.120, 8000.

அதே இடத்தில் `Disable key expiry` என்று இருக்கும். மறக்காமல் பைக்கு அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் 180 நாளில் திரும்ப உள்நுழையச் சொல்லும், நீங்கள் சிங்கப்பூரில் இருப்பீர்கள்.

பைக்குக் கிடைக்கும் டெயில்ஸ்கேல் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். அது வேறு, சிஜிநாட் வேறு, குழம்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம், முதலில் போட்ட 8000 விதியை ரூட்டரிலிருந்து அழித்துவிடுங்கள். நாளைக்கே நிரந்தர ஐபி வந்தால் அது உங்களுக்குத் தெரியாமல் திறந்து கிடக்கும்.

நள்ளிரவு ஆட்டக்காரன்

நானும் பார்த்தேன், எனக்கு `WAN IP`யும் வெளி ஐபியும் ஒன்றுதான். உள் முகவரி போட்டு விளையாடுகிறேன், நன்றி. ஆனால் ரூட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

கணினிக்காதலன்

உனக்குத்தான் தம்பி DDNS!

ஊர்க்குருவி

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மாடியில் நின்று மொபைல் டேட்டாவில் திறந்தேன். நான்கு கட்டத்தில் ஒன்றில் பின்வாசல் படி, அம்மா காயப்போட்ட துணி காற்றில் ஆடுகிறது. வயர்மேன் அண்ணா, நீங்கள் சொன்ன அந்த அனுமதியை நானும் விட்டிருந்தேன், அரை மணி நேரம் போனது.

இப்போது சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அறையில் இருக்கும்போது `tailscale status` ஓட்டினால் பைக்கு நேரே `direct` என்று வருகிறது, படம் தெளிவு. அலுவலக வைஃபையில் `relay` என்று வருகிறது, முழுப் படம் திக்குகிறது. ஆப்பில் சப் ஸ்ட்ரீம் என்று மாற்றினால் பார்க்கும்படி இருக்கிறது. நிரந்தர ஐபிக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். நேற்று ஊரில் மின்வெட்டு. பை தானாக எழுந்துவிட்டது, ஆனால் டிவிஆரில் தேதி 2000 ஜனவரி என்று காட்டுகிறது. பதிவெல்லாம் அந்தத் தேதியில் போய் விழுகிறது.

வயர்மேன்

அலுவலகத்தில் UDP-யை மூடி வைத்திருப்பார்கள், அதனால் நேராகச் சேர முடியாமல் நடுவில் ஒரு சர்வர் வழியாகப் போகிறது, அதுதான் `relay`. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. சப் ஸ்ட்ரீமிலேயே பாருங்கள்.

டிவிஆர் உள்ளே நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கும். இப்போதைக்கு அங்கிருந்தே அதன் அமைப்பில் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் `NTP`-யை ஆன் செய்து, நேர மண்டலம் GMT+5:30 என்று வையுங்கள். தம்பி ஊருக்கு வரும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, பேட்டரியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்து அதையே வாங்கிப் போடட்டும்.